விதைப் பாக்கெட்டில் லத்தீன் பெயர்: வல்காரிஸ், ஒஃபிசினாலிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் விதை வாங்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. தமிழ்நாட்டுச் சமவெளி வெயிலை மனதில் வைத்துத்தான் பதில்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குச் சில இடங்கள் பொருந்தாது.

பாக்கெட்டில் சாய்வெழுத்தில் இரண்டு வார்த்தை போட்டிருக்கிறதே, அது கம்பெனி வைத்த பெயரா?

இல்லை. அது செடியின் அறிவியல் பெயர். உலகம் முழுக்க ஒரே பெயர்தான். முதல் வார்த்தை பேரினம், இரண்டாவது அந்தப் பேரினத்துக்குள் எந்த இனம் என்பதைச் சொல்லும் அடைமொழி. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலிலிருந்துதான் செடிகளுக்கு இந்த இரட்டைப் பெயர் முறை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கம்பெனியோ பல்கலைக்கழகமோ வைத்த ரகப் பெயர் அதற்கு அப்புறம், பெரும்பாலும் ஒற்றை மேற்கோளுக்குள் வரும். எத்தனை நாளில் அறுவடை, காய் என்ன நிறம், செடி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அந்த ரகப் பெயரைச் சேர்ந்த விஷயம். லத்தீன் பெயரில் அதைத் தேடக்கூடாது. உதாரணமாக, குட்டையாக நிற்கும் செடி பீன்ஸும் பந்தல் கேட்கும் கொடி பீன்ஸும் இரண்டுமே ஃபேசியோலஸ் வல்காரிஸ்தான். ராஜ்மாவும் அதே இனம். லத்தீன் பெயரை மட்டும் பார்த்துக் குச்சி நடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது.

வல்காரிஸ் என்றால் மட்டமான ரகம் என்று அர்த்தமா?

செடிப் பெயரில் அதற்கு மட்டம் என்ற பொருள் இல்லை. லத்தீனில் அது "எங்கும் காணப்படுகிற, எல்லாரும் அறிந்த" என்று பொருள்படும். ஒரு பேரினத்தில் பல இனங்கள் இருக்கும்போது, பெயர் வைத்தவர் கண்ணில் அதிகம் பட்டது எதுவோ அதற்கு வல்காரிஸ் என்று வைத்துவிடுவார்கள்.

யார் கண்ணில் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பெயர் வைத்தவர்கள் ஐரோப்பியர்கள். பீன்ஸ் ஐரோப்பாவில் பிறந்த செடியே அல்ல. மெக்சிகோவிலும் ஆண்டிஸ் மலைப்பகுதியிலும் பயிரானது. கொலம்பஸுக்குப் பிறகு கடல் கடந்து போய், லின்னேயஸ் காலத்துக்குள் ஐரோப்பியத் தோட்டங்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது. அதனால்தான் வல்காரிஸ். நம் ஊரில் அதே காலத்தில் யாராவது பெயர் வைத்திருந்தால் அந்த அடைமொழி அவரைக்கோ காராமணிக்கோ போயிருக்கும்.

அதனால் "வல்காரிஸ் என்று போட்டிருக்கிறது, சுலபமாக வளரும்" என்று நினைக்க வேண்டாம். சுவீடனில் கோடையில் எங்கும் வளர்கிற செடி சென்னையில் மே மாதம் திணறும். பீன்ஸையே பாருங்கள். பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகப் போகப் பூ பிஞ்சாகாமல் உதிர ஆரம்பிக்கும். செடி பச்சையாக, நன்றாகத்தான் இருக்கும். காய் மட்டும் இருக்காது. உரம் போதவில்லை என்று மேலும் மேலும் போடுவார்கள், இலை இன்னும் செழிக்கும், அவ்வளவுதான். சமவெளியில் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் நேரத்தில் விதைத்தால்தான் பூவெடுக்கும் காலம் குளுமையாக அமையும்.

பீட்ரூட், பாலக், சுவிஸ் சார்டு மூன்று பாக்கெட்டிலும் பீட்டா வல்காரிஸ் என்று இருக்கிறது. விதை மாறிப் போய்விட்டதா?

மாறவில்லை, மூன்றும் ஒரே இனம். ஐரோப்பியக் கடற்கரைகளில் காட்டுச்செடியாக வளரும் ஒரு பீட்டிலிருந்து மனிதன் ஒரு பக்கம் கிழங்குக்காகவும் இன்னொரு பக்கம் இலைக்காகவும் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறான். கிழங்கைப் பெருக்கியது பீட்ரூட்டும் சர்க்கரைப் பீட்டும். இலைக்காம்பைத் தடிக்க வைத்தது சுவிஸ் சார்டு. இலையை மட்டும் வெட்டி வெட்டி எடுக்கிற மாதிரி இந்தியாவில் பழகியது பாலக். இந்த இடத்தில் மூன்றாவது வார்த்தையைப் பார்க்க வேண்டும். பாலக் பாக்கெட்டில் "பீட்டா வல்காரிஸ்" என்பதற்கு அடுத்து "பெங்காலென்சிஸ்" என்று இருக்கும், அதாவது வங்காளத்தைச் சேர்ந்தது. சார்டில் பெரும்பாலும் "சிக்லா" என்று போடுவார்கள்.

ஒரே இனம் என்று தெரிந்தால் தோட்டக்காரருக்கு உடனடியாக ஒரு லாபம் உண்டு. ஒன்றை வளர்க்கத் தெரிந்தால் மற்ற இரண்டின் விதையையும் எப்படிக் கையாள வேண்டும் என்று தெரிந்துவிடும். மூன்று பாக்கெட்டிலிருந்தும் ஒவ்வொரு விதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கரடுமுரடான, தக்கை போன்ற பழுப்பு நிறச் சிறு உருண்டை. நாம் விதை என்று சொல்வது உண்மையில் பல காய்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்ட கொத்து. அதனால் ஒரு குழியில் ஒன்று போட்டாலும் இரண்டு, மூன்று நாற்று கிளம்பும். "கவனமாக ஒவ்வொன்றாகத்தான் போட்டேன், எப்படிக் கூட்டமாக முளைத்தது" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

தக்கையான மேல் ஓடு தண்ணீரை உள்ளே விட நேரம் எடுக்கும். முந்தைய இரவு ஊறவைத்து, ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். பீட்ரூட் என்றால் நாற்று இரண்டு விரல் உயரம் வந்ததும் ஒரு இடத்தில் ஒன்றை மட்டும் விட்டு, மற்றதைக் கத்தரிக்கோலால் தரை மட்டத்தில் வெட்டிவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் சேர்ந்து ஆடும். செடிக்குச் செடி சுமார் 10 சென்டிமீட்டர் இடம் இல்லாவிட்டால் கிழங்கு உருளாது, இலைதான் மிஞ்சும். பாலக்குக்கு இந்த வேலை தேவையில்லை. நெருக்கமாகவே இருக்கட்டும், வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

அப்படியானால் "ஸ்பினாச்" என்று விற்பது பாலக்தானே?

கடையில் அப்படித்தான் சொல்வார்கள். பாக்கெட்டில் வேறு கதை இருக்கலாம். உண்மையான ஸ்பினாச்சின் பெயர் ஸ்பினேசியா ஒலரேசியா. பேரினமே வேறு. இணையத்தில் "பாலக்/ஸ்பினாச்" என்று ஒரே தலைப்பில் விற்கும்போது இந்த இரண்டில் எது வருகிறது என்பதை லத்தீன் பெயர்தான் சொல்லும்.

சமவெளியில் இந்த வித்தியாசம் பெரியது. ஸ்பினேசியா குளிர்ச்செடி. மண் சூடாக இருந்தால் விதை முளைப்பதே குறைந்துவிடும். முளைத்தாலும் வெயிலும் பகல் நீளமும் கூடியதும் நாலு இலை விட்டுவிட்டுப் பூத்தண்டு எறியும். பாலக் அந்த வெயிலை ஓரளவு தாங்கும். "எனக்குப் பாலக் வரவே மாட்டேன் என்கிறது" என்று சலித்துக்கொள்பவர்கள் முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கட்டும். பாக்கெட்டைத் தொலைத்துவிட்டால் மீதி விதையைப் பாருங்கள். பாலக் விதை மேலே சொன்ன தக்கைக் கொத்து. ஸ்பினேசியா விதை தனித்தனியாக, ஒன்று வழவழப்பான உருண்டையாக இருக்கும், அல்லது கூரான முள் வைத்திருக்கும்.

பீட்ரூட்டும் பாலக்கும் ஒரே இனம் என்றால், விதை எடுக்கும்போது கலந்துவிடுமா?

இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால் கலக்கும். பீட்டா காற்றில் மகரந்தம் பரப்பும் செடி. மகரந்தம் ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூடப் போகும். பால்கனிக்குப் பால்கனி பிரித்து வைத்தால் போதும் என்பதெல்லாம் நடக்காது. ஆனால் சமவெளியில் இந்தக் கவலை பெரும்பாலும் வராது. பீட்ரூட் பூக்க நீண்ட குளிர் வேண்டும், அது நமக்குக் கிடைப்பதில்லை. பாலக்குக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. பூத்தால் விதை எடுத்துக்கொள்ளலாம்.

பீன்ஸும் வல்காரிஸ்தானே, அதிலும் இதே தொல்லையா என்று அடுத்துக் கேட்பார்கள். இல்லை. பீன்ஸ் பூ விரியும் முன்பே தனக்குள் மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும். இரண்டு ரகத்தைச் சில அடி தள்ளி வைத்தாலே வீட்டுத் தேவைக்குப் போதும். பீட்டா வல்காரிஸுக்கும் ஃபேசியோலஸ் வல்காரிஸுக்கும் எந்த உறவும் கிடையாது. இரண்டு தெருவில் இரண்டு முருகன்கள் இருப்பது போலத்தான். உறவு தெரிய வேண்டுமானால் முதல் வார்த்தையைப் பாருங்கள்.

ஒஃபிசினாலிஸ் என்று இருந்தால் அது மூலிகை, தைரியமாகச் சாப்பிடலாம், சரியா?

பாதி சரி. "ஒஃபிசினா" என்பது லத்தீனில் வேலை நடக்கும் கூடம், பட்டறை. பிற்காலத்தில் ஐரோப்பிய மடாலயங்களிலும் மருந்துக் கடைகளிலும் மூலிகைகளையும் மருந்துகளையும் சேமித்துத் தயாரிக்கும் அறைக்கும் அந்தப் பெயர் வந்தது. அந்த அறையில் வைத்திருந்த சரக்குதான் ஒஃபிசினாலிஸ். நம் பாஷையில் சொன்னால் நாட்டு மருந்துக்கடைச் சரக்கு. சேஜ் எனப்படும் சால்வியா ஒஃபிசினாலிஸ், எலுமிச்சை மணம் வீசும் மெலிஸ்ஸா ஒஃபிசினாலிஸ், நம் இஞ்சியான ஜிஞ்சிபர் ஒஃபிசினாலே எல்லாம் இந்த வரிசை.

ஆக, அந்தக் கால ஐரோப்பாவில் இது மருந்துக்கு விற்றது என்பதற்கு மட்டும்தான் பெயர் சாட்சி. வேலை செய்கிறதா, எந்தப் பாகம், எவ்வளவு, நமக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது எதற்கும் அது பதில் சொல்லாது. காம்ஃப்ரே என்ற செடியை எடுத்துக்கொள்ளுங்கள், சிம்ஃபைட்டம் ஒஃபிசினாலே. நூற்றாண்டுகளாக எலும்பு முறிவுக்கு மருந்தாகப் பயன்பட்டது. அதில் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் இருப்பது பின்னால் தெரிந்தது. 2001-இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை, காம்ஃப்ரே கலந்த உணவுத் துணைப்பொருள்களைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. பெயர் இன்னும் ஒஃபிசினாலே என்றுதான் இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. இதய நோய்க்கு உண்மையாகவே மருந்து தந்த நரிக்கையுறைச் செடியின் பெயர் டிஜிட்டாலிஸ் பர்ப்யூரியா, அதாவது ஊதா நிறத்தது. லின்னேயஸ் அதற்குப் பெயர் வைத்தது 1753. ஆங்கிலேய மருத்துவர் வித்தரிங் அதன் மருத்துவப் பயனை விரிவாக எழுதியது 1785. அப்புறம் யாரும் பெயரை மாற்றவில்லை. நம் துளசி, ஆடாதோடை பெயர்களிலும் ஒஃபிசினாலிஸைத் தேடினால் கிடைக்காது. நம் வைத்தியர்களின் மருந்துப்பெட்டி வேறு, அவர்களின் அலமாரி வேறு.

"மேரிகோல்டு" என்று வாங்கினேன். டீ போடலாம், களிம்பு செய்யலாம் என்கிறார்களே, இதுவா அது?

இந்த இடத்தில்தான் ஒஃபிசினாலிஸ் நேரடியாகக் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் மேரிகோல்டு என்று இரண்டு செடிகளைச் சொல்கிறார்கள். களிம்புக்கும், இதழைச் சாலட்டில் தூவுவதற்கும் எடுப்பது காலெண்டுலா ஒஃபிசினாலிஸ். நம் ஊரில் மாலை கட்டுகிற செண்டுமல்லி, அதாவது கேந்தி, டாஜெட்டஸ் எரெக்டா. மெக்சிகோவிலிருந்து வந்தது. சமையல் குறிப்பிலோ கைவைத்தியக் குறிப்பிலோ மேரிகோல்டு என்று மட்டும் இருந்தால், காலெண்டுலாவைச் சொல்கிறார்களா என்று உறுதி செய்துகொள்ளாமல் செண்டுமல்லியைப் பறித்துப் போட வேண்டாம். தமிழில் சாமந்தி என்று மொழிபெயர்த்துவிட்டால் குழப்பம் மூன்றாகிறது, ஏனென்றால் சாமந்தி கிரிசாந்திமம், அதுவும் வேறு செடி.

பாக்கெட்டில் படம் மட்டும் இருந்தால் பிரித்து விதையைப் பாருங்கள். தப்பவே தப்பாது. செண்டுமல்லி விதை மெல்லிய கறுப்பு ஊசி மாதிரி நேராக இருக்கும், ஒரு நுனியில் வெளிறிய குச்சம் இருக்கும். காலெண்டுலா விதை பழுப்பாக, கொக்கி போல வளைந்து, முதுகில் சொரசொரவென்று முள் வைத்திருக்கும். சில விதை அரைவட்டம், சில கிட்டத்தட்ட முழு வட்டமாகச் சுருண்டிருக்கும். ஒரே பூவிலிருந்து இத்தனை வடிவம் வருவது அதன் இயல்பு, கலப்படம் இல்லை.

காலெண்டுலா குளிர்காலப் பூ. சமவெளியில் அக்டோபர், நவம்பரில் விதைத்தால் வெயில் ஏறுவதற்குள் பூத்து முடிக்கும். செண்டுமல்லிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஒன்றில் வல்காரிஸ், இன்னொன்றில் வல்காரே. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. லத்தீனில் பேரினப் பெயருக்கு ஆண்பால், பெண்பால், அலிப்பால் உண்டு, அடைமொழி அதற்கேற்ப முடியும். தைமஸ் வல்காரிஸ், ஆனால் ஃபெனிக்குலம் வல்காரே (நம் சோம்பு). ஒஃபிசினாலிஸ், ஒஃபிசினாலே என்பதும் இப்படித்தான். சட்டைவஸ், சட்டைவா, சட்டைவம் மூன்றும் ஒரே சொல். பொருளில் துளி வித்தியாசமும் இல்லை.

ஆரிகானோ செடி வாங்கினால் கற்பூரவல்லி வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

கற்பூரவல்லியை "கியூபன் ஆரிகானோ" என்று விற்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். இலையில் அதே வாசனை எண்ணெய் இருப்பதால் வந்த பெயர். அதன் பேரினம் கோலியஸ், பழைய புத்தகங்களில் பிளெக்ட்ராந்தஸ். பீட்சா ஆரிகானோ வேண்டுமென்றால் ஒரிகானம் வல்காரே என்று இருக்கிறதா என்று பாருங்கள். விதைப் பாக்கெட் என்றால் ஒரு தடயம் போதும்: கற்பூரவல்லி குச்சி ஒடித்து நடுகிற செடி, அதைப் பெரும்பாலும் யாரும் விதையாக விற்பதில்லை. ஒரிகானத்தின் விதை பழுப்புத் தூள் மாதிரி இருக்கும். மண் மூடாமல் மேலே தூவி, தெளிப்பானால் ஈரம் காட்ட வேண்டும்.

ஆனால் இங்கே வல்காரே மட்டும் போதாது. ஒரிகானம் வல்காரே என்ற இனத்துக்குள் காரமே இல்லாத காட்டு வகைகளும் உண்டு. பூ அழகாக இருக்கும், இலையை நசுக்கினால் புல் வாசனைதான் வரும். சமையலுக்குப் பேர்போன கிரேக்க ஆரிகானோ "ஹிர்ட்டம்" என்ற துணையினம். ஹிர்ட்டம் என்றால் ரோமம் உள்ளது. அந்த மூன்றாவது வார்த்தை இல்லாத பாக்கெட்டுக்கு அதிக விலை கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

ரோஸ்மேரி பாக்கெட்டில் ரோஸ்மரினஸ் ஒஃபிசினாலிஸ் என்றும் சால்வியா ரோஸ்மரினஸ் என்றும் பார்த்தேன். எது சரி?

செடி ஒன்றுதான். மரபணு ஆய்வில் ரோஸ்மேரி சால்வியா பேரினத்துக்குள்ளேயே விழுகிறது என்று தெரிந்ததால் அங்கே சேர்த்துவிட்டார்கள். சால்வியா ஒஃபிசினாலிஸ் என்ற பெயரைச் சேஜ் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதால், ரோஸ்மேரி தன் பழைய பேரினப் பெயரையே அடைமொழியாக்கிக்கொண்டது. நெல்லிக்கும் இப்படித்தான். பல மருந்து டப்பாக்களில் எம்ப்ளிக்கா ஒஃபிசினாலிஸ் என்று இருப்பதும், தாவரவியலார் ஃபில்லாந்தஸ் எம்ப்ளிக்கா என்று எழுதுவதும் ஒரே நெல்லிதான். பெயரிலிருந்து ஒஃபிசினாலிஸ் போனதால் நெல்லியின் குணம் போகவில்லை.

இவை தவிர வேறு எந்த அடைமொழிகளைத் தெரிந்து வைக்கலாம்?

சட்டைவா என்றால் விதைத்துப் பயிரிடுவது: நெல், வெள்ளரி, கொத்துமல்லி, முள்ளங்கி. ஒலரேசியா என்றால் கறிக்கு ஆகும் கீரை, காய்: முட்டைக்கோஸ், பருப்புக்கீரை. டிங்டோரியா சாயத்துக்கு, அவுரியில் வரும். எனக்குப் பிடித்தவை வடிவத்தைச் சொல்பவை. பீர்க்கங்காய் லஃபா அக்யூட்டாங்குலா, கூர்விளிம்பு கொண்டது. அதனால் அந்தச் சொல் இல்லாத லஃபா பாக்கெட் என்றால் வரி இல்லாத நுரைப்பீர்க்காக இருக்கலாம். நீளப் பயத்தங்காயின் பெயரில் வரும் செஸ்குவிபெடாலிஸ் என்பதற்கு ஒன்றரை அடி நீளம் என்று பொருள். காய்த்த பிறகு அளந்து பாருங்கள், பெரிதாகப் பொய் சொல்லவில்லை.

பெயரே தப்பாக இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு, தப்பு என்று தெரிந்தும் மாற்ற மாட்டார்கள். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. மிளகாய் கேப்சிகம் ஆன்யூவம், "ஓராண்டுச் செடி". பனி விழும் நாட்டில் அது ஒரே வருடத்தில் செத்துவிடும். நம் வெயிலில் கவாத்து செய்து விட்டால் அடுத்த வருடமும் காய்க்கும். அந்தப் பெயரை நம்பிப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. ஹபனேரோ மிளகாய் கேப்சிகம் சைனென்ஸ், சீனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அமெரிக்கச் செடி.

இவை பழைய பிழைகள். வியாபாரப் பிழையைப் பிடிக்கவும் லத்தீன் பெயர் உதவும். பெப்பர்மின்ட்டின் பெயர் மெந்தா, நடுவில் ஒரு பெருக்கல் குறி, பிறகு பைபெரிட்டா. அந்தக் குறி வந்தால் இரண்டு இனங்கள் கலந்த கலப்பு என்று அர்த்தம். பெப்பர்மின்ட் பெரும்பாலும் மலட்டுச் செடி, முளைக்கும் விதை தராது, தண்டு வைத்துத்தான் பெருக்குவார்கள். அந்தப் பெயரில் விதைப் பாக்கெட் விற்றால் உள்ளே வேறு ஏதோ ஒரு புதினாதான் இருக்கும்.

நான் வாங்கும் பாக்கெட்டில் லத்தீன் பெயரே இல்லை. என்ன செய்வது?

உள்ளூர்ப் பாக்கெட் பலவற்றில் இருக்காது. வெண்டை, கத்திரி, தக்காளி மாதிரி குழப்பம் இல்லாத காய்க்கு அது தேவையும் இல்லை. ரகப் பெயர், முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி இருந்தால் போதும். பாலக், மேரிகோல்டு, ஆரிகானோ, பேசில், லஃபா என்று ஒரே வியாபாரப் பெயரில் இரண்டு செடி ஒளிந்திருக்கும் இடங்களில் மட்டும் விற்பவரிடம் லத்தீன் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால், விதையை வெள்ளைத் தாளில் வைத்து அருகில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.